வெப்பப் பாதிப்பு வலயம்

வெல்டிங்கின்போது உருகாமல், சூட்டினால் மட்டும் உள்ளமைப்பு மாறிவிடும் உருக்குப் பகுதி. வெல்டிங் கோட்டை ஒட்டிய சில மில்லிமீற்றர் அகலமே இதற்கு உண்டு. ஆனால் விரிசல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பதுளை, ஹப்புத்தளைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் உள்ளவை போன்ற ரோலர் இயந்திரங்களின் தண்டு 0.45% கார்பன் உள்ள உருக்கு என்று கொள்வோம். கோட்டின் ஓரம் 1100 பாகை செல்சியசைத் தாண்டுவதால் அங்கே மணிகள் பருக்கின்றன. தடித்த தண்டு சூட்டை விரைவாக உறிஞ்ச, அந்தப் பகுதி மார்ட்டென்சைட்டாக இறுகுகிறது. கடினம் 350 விக்கர்சைத் தாண்டினால் அபாயம் அதிகம். சற்றுத் தள்ளி, 900 பாகையளவே கண்ட இடத்தில் மணிகள் நுண்ணியவை, உரமும் கூடுதல். 700 பாகைக்குக் கீழே பெரிய மாற்றமில்லை.

கடினம் மட்டும் விரிசலை உண்டாக்காது. இழுவிசையும் ஐதரசனும் சேரவேண்டும். ஊவாவின் வடகீழ்ப் பருவமழையில் ஈரம் குடித்த வெல்டிங் குச்சியே ஐதரசனைக் கொண்டுவருகிறது. விரிசல் 48 மணி நேரம் கழித்தும் தோன்றலாம். வேலை முடிந்ததும் பார்த்துத் திருப்திப்படுவது போதாது.

தண்டை முன்கூட்டியே 200 பாகைக்கு மேல் சூடாக்கி, குறை ஐதரசன் குச்சிகளை 350 பாகையளவில் உலர்த்திப் பயன்படுத்தி, வேலை முடிந்தபின் மெதுவாக ஆறவிடுவதே வழக்கமான தடுப்பு முறை.