வெயிலுக்கு கேப் போதுமா? தொப்பி வாங்கும் முன் இதைப் பாருங்க!

அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பலரும் மாட்டுவது கிரிக்கெட் கேப்தான். அது நெற்றிக்கும் மூக்குக்கும் நிழல் தரும். காதும் பின்கழுத்தும் வெயிலில்தான் காயும். சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பியே சரி. விளிம்பு குறைந்தது 3 அங்குலம், அதாவது சுமார் 7.5 செ.மீ. இருக்கணும். கடையிலேயே அளந்து பார்த்துடுங்க.

அடுத்து துணி. தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாருங்க. புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால், அந்த வழியாகப் புற ஊதாக் கதிரும் இறங்கும். இடைவெளி விட்டுப் பின்னிய ஓலைத் தொப்பியில் இந்தச் சிக்கல் உண்டு. நெருக்கமாக நெய்த காட்டன் நல்லது.

காற்றோட்டத்துக்கு உச்சியில் வலை வைத்த தொப்பி வேண்டாம், அதுவும் முடி குறைந்தவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் சின்னத் துளைகள் போதும். கடற்கரை மணலில் பட்டுக் கீழிருந்து தெறிக்கும் கதிரை எந்த விளிம்பும் தடுக்காது. அங்கே முகத்துக்கு சன்ஸ்கிரீனும் வேணும்.