நண்பருக்குக் கடன் கொடுக்கும்போது: தொகை, எழுத்து, திரும்பி வராத பணம்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று: "ஹஜ்ரத், நண்பனுக்குக் கொடுத்த பணம் வரவில்லை. என்ன செய்வது?" பதில் பெரும்பாலும் பணம் கொடுத்த நாளிலேயே இருக்கிறது. ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

உக்கடத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம், லேத் பட்டறை நடத்தும் நண்பர் 1,50,000 ரூபாய் கேட்கிறார். கடைக்காரர் கையில் இருப்பது 2,00,000. அதில் 70,000 மகளின் கல்லூரிக் கட்டணம். 50,000 மனைவி பத்திரமாக வைக்கச் சொன்ன அவருடைய சொந்தப் பணம். அது அமானிதம், அவர் சம்மதமின்றித் தொடக்கூடாது. 40,000 வீட்டு அவசரத்துக்கு. மீதம் 40,000. இவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். அது வராமலே போனாலும் வீட்டில் அடுப்பு எரியும், மனைவியுடன் சண்டை வராது. கேட்ட தொகையைக் கொடுப்பதற்காக மனைவியின் நகையை அடகு வைத்தால், நண்பருக்கு உதவப் போய் நாமே வட்டிக்குள் விழுவோம்.

நண்பர், "பட்டறை லாபத்திலிருந்து மாதம் 1,000 சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லலாம். கொடுத்த கடனுக்கு மேல் பேசி வாங்கும் எதுவும் வட்டிதான். லாபத்தில் பங்கு வேண்டுமென்றால் நஷ்டத்தின் சுமையையும் ஏற்கும் கூட்டு வியாபாரமாகத் தனியே ஒப்பந்தம் செய்ய வேண்டும். இரண்டையும் கலக்கக்கூடாது.

அடுத்தது எழுதுவது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதுவது பற்றியதே. தவணையைக் குறிப்பிடுவது, சாட்சிகளை வைப்பது, சிறிய தொகையாயினும் எழுதச் சலிக்காமல் இருப்பது ஆகியவற்றை அது கற்றுத் தருகிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குபவர் என்பது அதில் கவனிக்க வேண்டிய இடம். ஆகவே "நம்பிக்கை இல்லையா?" என்று நண்பர் கேட்டால், "அல்லாஹ் சொன்னதைச் செய்கிறோம், நீங்களே எழுதுங்கள்" என்று சொல்லலாம்.

நம் உதாரணத்தில் நண்பர் புரோநோட்டில் தன் கையாலேயே எழுதுகிறார்: தொகை 40,000, தேதி, பெயர்கள், முகவரிகள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. மாதம் 5,000 வீதம் எட்டுத் தவணை என்பதைத் தனித்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளுடன் இருவரும் ஒப்பமிடுகிறார்கள். பணம் வங்கி வழியாகப் போகிறது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மீறினால் அபராதம் வாங்கியவர் தலையில் விழும். கொடுத்தவர் வீட்டாருக்கும் இந்தத் தாள் இருக்குமிடம் தெரிய வேண்டும். இருவரில் ஒருவர் மௌத்தானால் வாரிசுகளுக்கு அதுவே ஆதாரம்.

மூன்று தவணை வந்தது, பிறகு நின்றுவிட்டது. பாக்கி 25,000. முதலில் பார்க்க வேண்டியது, நண்பருக்கு முடியவில்லையா, மனமில்லையா என்பதை. பட்டறையில் ஆர்டர் இல்லாமல் உண்மையிலேயே முடங்கியிருந்தால், வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது 2:280. விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் சொல்கிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பதை நபி (ஸல்) அவர்கள் அநியாயம் என்றார்கள். அப்போது சாட்சிகளை அழைத்துப் பேசலாம், ஜமாஅத்தில் சொல்லலாம், நீதிமன்றமும் போகலாம். வழக்குக்குக் கெடு பொதுவாக மூன்று ஆண்டு. ஆகவே அவகாசம் கொடுப்பவரும் அந்தக் கெடு முடிவதற்குள், "பாக்கி 25,000 தர வேண்டியுள்ளது" என்று தேதியிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை நபியவர்கள் காட்டினார்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி), தமக்குக் கடன்பட்ட இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் பாக்கியைக் கேட்க, குரல்கள் உயர்ந்தன. நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் ஏற்றதும், மற்றவரிடம் எழுந்து மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. நம் கடைக்காரரும் 12,500 ஐ விட்டுக்கொடுத்து, மீதி 12,500 ஐ உடனே கேட்கலாம்.

ஒரு தவறு மட்டும் வேண்டாம். வராத கடனை "ஜகாத்தாக வைத்துக்கொள்" என்று கழிப்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் ஏற்கப்பட்ட கருத்துப்படி ஜகாத்தாக நிறைவேறாது. நண்பர் ஜகாத் பெறத் தகுதியானவர் என்றால் நிபந்தனையின்றி அவர் கையில் ஜகாத்தைக் கொடுங்கள். அதிலிருந்து அவராக விரும்பிக் கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

முழுவதையும் மன்னித்தால் வாயால் சொல்லி, புரோநோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னர் அதைச் சொல்லிக் காட்டினால் தர்மத்தின் நன்மை பாழாகும் (2:264). அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக, ஆமீன்.