பாதியில் பாதி

கல்லூரி லேபில் காப்பர் சல்பேட் கரைசலோடு ஒருநாள் முழித்துக்கொண்டு நின்றேன். விட்ட சிவப்பு ஒளியில் 50 சதவீதம் கடந்து வந்தது. செறிவை இரட்டிப்பாக்கினால் மிச்சமும் நின்றுபோய் பூஜ்யம் வரணும் என்பது என் கணக்கு. வந்ததோ 25.

இந்தக் கணக்கு தப்பு என்று பியர் பூகே 1729-லேயே எழுதிவிட்டார். கண்ணாடியின் ஒவ்வோர் அடுக்கும் ஒரே அளவு ஒளியைப் பிடிப்பதில்லை. தன்னிடம் வருவதில் ஒரே பங்கைப் பிடிக்கிறது. அவரிடம் மீட்டரா இருந்தது? கண்ணும் மெழுகுவர்த்தியும்தான். ஒரு வெளிச்சம் இன்னொன்றைப் போல எத்தனை மடங்கு என்று கண்ணுக்குச் சொல்லத் தெரியாது, இரண்டும் சமமா என்று தெரியும். அதனால் மெழுகுவர்த்தியைத் தள்ளிவைத்துச் சமமாக்கி, தூரத்தை அளந்தார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

1760-இல் லாம்பெர்ட் இதைக் கணிதமாக்கினார். 1852-இல் ஆகஸ்ட் பீர் நிறக் கரைசல்களில் சிவப்பு ஒளியை விட்டுப் பார்த்து, தடிமனோடு செறிவையும் சேர்த்தார்.

பாதி, கால், அரைக்கால் என்று வளைந்து இறங்குவதை மடக்கை நேராக்கிவிடுகிறது. கடந்த பங்கு 0.5 என்றால் உட்கவர்திறன் 0.301, 0.25 என்றால் 0.602, 0.125 என்றால் 0.903. செறிவு இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும்.

ஆனால் கருவிக்குள் 1 சதவீதம் ஒளி கரைசலைத் தொடாமல் கசிந்தாலே போச்சு: 3 காட்டவேண்டிய அடர்ந்த கரைசல் 2-ஐக்கூடத் தொடாது. வரைபடம் மேலே போகப் போகத் தலை சாய்க்கும். அப்போது கரைசலை நீர்க்கவைத்து மறுபடி அளக்கணும்.