பல கேமராப் பதிவுகளை ஒத்திசைத்தல்

ஒரே நிகழ்ச்சியைப் பல கேமராக்கள் பதிவுசெய்யும்போது, ஒவ்வொன்றும் வெவ்வேறு நொடியில் ஓடத் தொடங்குவதால், அவற்றை ஒரே காலக்கோட்டில் அடுக்குவதற்கு எல்லாப் பதிவுகளிலும் இடம்பெற்ற ஒரு பொதுக்கணம் வேண்டும். அந்தக் கணத்தைக் கிளாப் ஓசையிலோ ஒலியின் அலைவடிவத்திலோ கண்டறிந்து பதிவுகளைப் பொருத்துவது ஒத்திசைத்தல் எனப்படும்.

1920களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது, படம் கேமராவிலும் ஒலி தனிக் கருவியிலும் பதிவானதால் இத்தேவை எழுந்தது. மௌனப்படக் காலத்தில் காட்சியின் எண்ணை மட்டும் தாங்கிய பலகையோடு, கீல் வைத்த இரண்டு மரச்சட்டங்கள் பின்னர் சேர்ந்து கிளாப் பலகை உருவாயிற்று. சட்டங்கள் மூடும் ஃபிரேமைப் படச்சுருளிலும், ‘டக்’ என்னும் ஓசை தொடங்கும் இடத்தை ஒலிச்சுருளிலும் குறித்து இரண்டையும் நேர்ப்படுத்தினர். ஒளிவழி ஒலித்தடத்தில் அந்த ஓசை கண்ணுக்கே தெரிந்தது; காந்தச்சுருள் வந்தபின், படத்தொகுப்பாளர் அதை ஒலித்தலையின் மீது கையால் முன்னும் பின்னும் இழுத்துக் கேட்டு, மெழுகுப் பென்சிலால் குறிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேர எண்ணைப் பதிக்கும் டைம்கோடு 1970களில் தரப்படுத்தப்பட்டபோது இச்சுமை குறைந்தது. எனினும் அதற்கான வசதியில்லாத கேமராக்களுக்குக் கிளாப்பே துணையாயிற்று.

டிஜிட்டல் கேமராக்கள் பெருகியபின், 2009 அளவில் வெளிவந்த புளூரல்ஐஸ் போன்ற மென்பொருள்கள் முழு ஒலியையும் ஒப்பிட்டன. ஓர் அலைவடிவத்தை மற்றொன்றின் மீது நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டின் மதிப்புகளைப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை உச்சமடையும் நகர்வே இரு பதிவுகளின் கால இடைவெளியாகும். இது குறுக்கு ஒட்டுறவு எனப்படும். ஒரே தாளக்கட்டு மாறாமல் திரும்பத் திரும்ப வரும் இசையில் பல உச்சங்கள் தோன்றி, ஓர் ஆவர்த்தனம் தள்ளிப் பொருத்திவிடுவதும் உண்டு என்பதால், பாடகரின் உதட்டசைவைப் பார்த்து உறுதிசெய்வது அவசியம்.

இம்முறையில் அதிகம் கவனிக்கப்படாத பிழை ஒலியின் வேகத்தால் விளைவது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கிற்கு அது 0.1 நொடி பிந்தி வருகிறது. படமோ உடனே பதிவாகிறது. மேடையருகே பதிந்த ஒலியோடு இந்த ஒலியைச் சரியாகப் பொருத்தினால், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பதிவில் படம் இரண்டரை ஃபிரேம் முந்திவிடும். மிருதங்கத்தில் கை விழுந்த பிறகே ஓசை கேட்கும். ஆகவே அந்தக் கோணத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் பின்தள்ள வேண்டும்.

கருவிகளின் உட்கடிகாரங்கள் முற்றிலும் ஒன்றாக ஓடாமையும் மற்றொரு வரம்பு. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடுகூட ஒரு மணி நேரத்தில் 0.072 நொடியாக, அதாவது ஏறத்தாழ இரண்டு ஃபிரேமாக வளரும். நீண்ட பதிவுகளின் முடிவில் இரண்டாவது கிளாப் ஒன்றையும் அடித்தால் இந்த விலகலை அளக்கலாம். இறுதிக் கிளாப் என்பதைக் காட்ட, பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பது வழக்கம்.