1965 மாணவர் தலைமுறையும் 1967 தேர்தலும்: கார்ல் மன்ஹைம் கோட்பாட்டு நோக்கு

மேற்கு மாம்பலத்தைத் தியாகராய நகருடன் இணைக்கும் அரங்கநாதன் சுரங்கப்பாதை, 1965 சனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்த விருகம்பாக்கம் அரங்கநாதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்போராட்டத்தில் பங்கேற்ற மாணவர்களை ஒரு 'தலைமுறை' எனச் சுட்டுவது ஆய்வுலகில் வழக்கம். எப்பொருளில் அவ்வாறு சுட்டலாம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சமவயது மட்டுமே தலைமுறையை உருவாக்குவதில்லை என்பது 1928இல் கார்ல் மன்ஹைம் முன்வைத்த கருத்து. இளமையில் எதிர்கொண்ட நிகழ்வு, பின்னர் வரும் அனுபவங்களை மதிப்பிடும் அளவுகோலாக நிலைக்கிறது. எனினும், ஒரே நிகழ்வை வெவ்வேறாக உள்வாங்கியோர் தனித்தனித் 'தலைமுறை அலகு'களாகப் பிரிவர்.

1967இல் காங்கிரசு ஆட்சியை இழந்தது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராசர் தோற்றார். இதனை மாணவர் தலைமுறையின் வாக்கு விளைவாகக் கொள்வது பொருந்தாது. அன்று வாக்குரிமை வயது 21. போராட்டத்தின்போது பதினெட்டு வயதினராக இருந்தோர் 1967 பிப்ரவரியிலும் வாக்களிக்க இயலவில்லை. எனவே அத்தீர்ப்பு பெரிதும் மூத்தோருடையது. எல்லா வயதினரையும் தொட்ட காலவிளைவு அதில் உண்டு.

தலைமுறை விளைவை நிறுவ, அம்மாணவர்களின் நிலைப்பாடு நடுவயதிலும் நீடித்ததா, முன்பின் பிறந்தோரிடமிருந்து வேறுபட்டதா என ஒப்பிடவேண்டும். வாய்மொழி வரலாறு மட்டும் இதற்குப் போதாது. பிற்கால அரசியல் 1965 பற்றிய நினைவையும் திருத்தியமைத்திருக்கக்கூடும். அக்காலக் கடிதங்களும் கல்லூரி இதழ்களும் அந்நினைவைச் சரிபார்க்கும் சான்றுகளாகும்.