யெஸ் பேங்க், மார்ச் 2020: பீட்டா காட்டிய பொய்வழி

பட்டாபிராமில் ஒருவர் 2020 மார்ச் 5 அன்று 5.6 லட்சம் ரூபாய்க்கு யெஸ் பேங்க் பங்கு வைத்திருந்ததாகக் கொள்வோம். பங்கின் பீட்டா 1.5. அதற்கு ஈடாக நிஃப்டி ஃபியூச்சரில் ஒரு லாட் விற்றிருக்கிறார்: 75 யூனிட், சுமார் 8.4 லட்சம். அன்று மாலை ரிசர்வ் வங்கி கேட்டு மத்திய அரசு விதித்த கட்டுப்பாடு வந்தது. டெபாசிட்தாரர் ஒருவர் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனது. மறுநாள் பங்கு 56 சதவீதம் சரிந்தது, நிஃப்டி 2.5 சதவீதம். பங்கில் போனது 3.1 லட்சம். ஃபியூச்சரில் வந்தது 21 ஆயிரம்.

இதை நகரும் பீட்டா முன்கூட்டிச் சொல்லியிருக்குமா? அது கடைசி 60 நாட்களை மட்டும் பார்த்து, தினமும் ஒரு பழைய நாளை உதிர்த்துப் புதிய நாளைச் சேர்க்கும் கணக்கு. நிஃப்டியின் அன்றாட அசைவு 1 சதவீதம், பங்குடையது 3, ஒட்டுறவு 0.5 என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். மார்ச் 6 என்ற ஒரே நாள் உள்ளே நுழைந்ததும் பீட்டா 1.5லிருந்து 3.5க்குத் தாவுகிறது. எண்ணை நம்பினால், ஒவ்வொரு ரூபாய் பங்குக்கும் நிஃப்டியை முன்பு விற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்க வேண்டும்! சரிவுக்குக் காரணம் சந்தையல்ல, வங்கியின் சொந்த நோய். பீட்டாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஒட்டுறவு வேறு கதை சொல்கிறது. அது 0.5லிருந்து 0.47க்கு இறங்கியதோடு சரி. ஆக, உறவு இறுகவில்லை. அசைவின் அளவுதான் பெருத்தது. உண்மையில் எச்சரிக்கை முதலிலேயே இருந்தது. 0.5ஐ வர்க்கப்படுத்தினால் 0.25. மாறுபாட்டில் கால்வாசியைத்தான் ஹெட்ஜ் நீக்கும். அன்றாட ஏற்ற இறக்கமாகப் பார்த்தால் 13 சதவீதம்தான் குறையும். அதைக் காப்பு என்று சொல்வதே தாராளம்.

பிறகு கூத்து தலைகீழானது. மார்ச் 13 அன்று நடப்புக்கு வந்த மீட்புத் திட்டத்தின்படி, 100 பங்குக்குக் குறையாமல் வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்குகள் மூன்றாண்டுக்கு முடக்கப்பட்டன. விற்கக் கிடைத்த பங்கு சுருங்கியது. மார்ச் 16 அன்று நிஃப்டி 7.6 சதவீதம் விழ, யெஸ் பேங்க் 45 சதவீதம் ஏறியது. அந்த நாளையும் மேற்கண்ட கணக்கில் சேர்த்தால் பீட்டா மைனஸ் 0.9, ஒட்டுறவு மைனஸ் 0.14.

பத்து நாள் இடைவெளியில் 3.5, பிறகு மைனஸ் 0.9. இரண்டையும் வைத்து லாட்டைத் திருத்துவது வீண்வேலை. பீட்டா நகர்ந்தும் ஒட்டுறவு உயரமாக நிலைத்திருந்தால், விற்கும் அளவை மாற்றினால் போதும். ஒட்டுறவே தாழ்ந்திருந்தால், குறியீட்டை விற்பது இன்னொரு தனிப் பந்தயமே. பெரிய சரிவு நாளை விட்டுவிட்டும் ஒருமுறை கணக்கிட வேண்டும்: மார்ச் 6ஐ நீக்கியதும் 3.5 மறைந்து பழைய 1.5 திரும்புகிறது. அப்படி ஒரே நாளில் தொங்கும் பீட்டாவுக்காக ஆர்டர் போடத் தேவையில்லை. அத்தகைய பங்கில் சுமையைக் குறைக்கப் பங்கையே விற்க வேண்டும். மார்ச் 13க்குப் பிறகு பலருக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது.