கட்டம் கட்டமாய்த் தெரியும் தமிழ்

இங்கே புனேயில் நம்ம சங்கத்துப் பழைய ஆண்டறிக்கை ஒன்றை வேர்ட் கோப்பாக மேகக் கிடங்கில் ஏற்றி, சுட்டியை எல்லோருக்கும் அனுப்பினார் ஒரு நண்பர். அவர் கணினியில் அழகான தமிழ். என் கைபேசியில் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள்! "கோப்பு கெட்டுப்போச்சு சார்" என்றார்கள். கெடவில்லை. இதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது.

தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது mk;kh தான். எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியே ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கட்டம் வராது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன.

யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் அதில் 'கி' என்பது க-வும் கொக்கியும் சேர்ந்த இரண்டு குறிகள். அச்சுத்தொழில் மென்பொருள்கள் அவற்றைச் சேர்த்துக் காட்டத் திணறின. எனவே உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி தரும் டேஸ்16 உருவானது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு இதையும் தரமாக அறிவித்தது. சிக்கல் என்னவென்றால், டேஸ்16 உட்கார்ந்திருப்பது யூனிகோடின் 'தனிப்பயன்' பகுதியில். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் புறம்போக்கு நிலம் மாதிரி :-) அந்த எண்களில் எந்த எழுத்து என்று கைபேசியின் தமிழ் எழுத்துருவுக்குத் தெரியாது. தெரியாத எழுத்துக்கு அது போடுவது கட்டம்.

நம் கோப்பும் அந்த வகைதான் என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? விண்டோஸ் வேர்டில் ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து Alt+X அழுத்தினோம். 0B95 மாதிரி 0B என்று தொடங்கினால் யூனிகோடு தமிழ், அந்தச் சாதனத்தில் தமிழ் எழுத்துருதான் இல்லை. எங்களுக்கு E-யில் தொடங்கும் எண் வந்தது.

நண்பரின் கணினியில் எழுத்துரு இருந்ததால் வழி சுலபம். File > Options > Save போய் "Embed fonts in the file" என்பதில் டிக் செய்து மறுபடி சேமித்தார். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பயணம் செய்யும், அளவு கொஞ்சம் கூடும். அதன் கீழே "Embed only the characters used in the document" என்று ஒன்று இருக்கும். அளவு குறையும்தான், ஆனால் அடுத்தவர் புதிதாக ஒரு எழுத்து சேர்த்தால் அது உள்ளே இருக்காது. பலர் திருத்தும் கோப்புக்கு அதைத் தொட வேண்டாம். உருவாக்கியவர் பதிக்க அனுமதி தராத எழுத்துரு என்றால் வேர்ட் பதிக்காது.

அப்படியும் என் கைபேசிச் செயலி பதித்த எழுத்துருவைக் கண்டுகொள்ளவில்லை! கடைசியில் அவர் கணினியிலிருந்தே பிடிஎஃப் ஆக்கி ஏற்றினார், எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதில் 'பொங்கல்' என்று தேடினால் ஒன்றும் சிக்காது, உள்ளே இருப்பது இன்னும் அந்தப் பழைய எண்கள்தான். கணக்கு வழக்கைத் தேட வேண்டிய பக்கங்களை மட்டும் இப்போது யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.